பேக்கரிச் சுவரில் நியான் எழுத்து: ஒளி சுவரில் படிவதைச் சரியாகக் கொண்டுவருவது எப்படி

போட்டோவில் நியான் போர்டு சேர்ப்பவர்கள் பெரும்பாலும் எழுத்துக்குத்தான் நேரம் கொடுக்கிறார்கள். எழுத்தைச் சுற்றி ஒரு ஒளிவட்டம் வந்ததும் வேலை முடிந்தது என்று சேமித்துவிடுகிறார்கள். படம் பொய் என்று காட்டிக்கொடுப்பது சுவர். எழுத்து அத்தனை பளிச்சென்று எரியும்போது, பக்கத்து ஜன்னலும் கல்லாமேசையும் எதுவும் நடக்காததுபோல் இருந்தால் யாருக்கும் உறுத்தும். அதனால் இந்தப் பதிவில் எழுத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டு, அதன் வெளிச்சம் பக்கத்துப் பொருட்களில் எப்படி விழ வேண்டும் என்பதை நிதானமாகப் பார்ப்போம்.

எடுத்துக்காட்டுக்குப் பொள்ளாச்சிப் பக்கத்து பேக்கரி ஒன்றின் சுவரை வைத்துக்கொள்வோம். நம் கோவை வட்டாரத்தில் பேக்கரி என்றால் டீயும் சேர்த்துத்தான். சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர், நீலப் பெயிண்ட் அடித்த மர ஜன்னல், முன்னால் ஒரு வாழைத்தார், கீழே எவர்சில்வர் மேசை, சுவரோடு ஒட்டி ஒரு கரண்ட் மீட்டர் பெட்டி. சுவரில் இளஞ்சிவப்பு நியானில் "வாங்க" என்று எழுதப் போகிறோம்.

மென்பொருள் Photopea. பிரவுசரிலேயே இலவசமாக ஓடும். Photoshop வைத்திருப்பவர்களும் இதே வழியில் போகலாம், பெயர்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

எந்தப் படம் ஒத்துவரும்

நேரடி வெயில் விழுந்த சுவரை எடுக்காதீர்கள். வெயிலின் நிழல் கத்தி வெட்டியதுபோல் இருக்கும். படத்தை எவ்வளவு இருட்டாக்கினாலும் அந்த நிழல் போகாது, இரவில் வெயில் அடிப்பதுபோல் தெரியும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகம் வந்து மூடிக்கொள்ளும் ஆனி, ஆடி மாதங்களின் பகல் வெளிச்சம் இந்த வேலைக்கு அருமையானது. மற்ற மாதங்களில், சூரியன் சுவருக்குப் பின்பக்கம் இருக்கும் நேரமாகப் பார்த்து எடுங்கள். சுவருக்கு நேராக நின்று எடுத்தால் முதல் தடவைக்குச் சுலபம்.

முதலில் இருட்டு

படத்தைத் திறந்து Layer > New Adjustment Layer > Curves போடுங்கள். கோட்டின் வலது மேல் முனையைப் பிடித்து, 255-லிருந்து 85 அளவுக்குக் கீழே இறக்குங்கள். படம் முழுவதும் ஒரே சீராக மங்கும். அப்புறம் அதே இடத்தில் Red-ஐத் தேர்ந்தெடுத்து அதன் முனையையும் கொஞ்சம் இறக்கினால் அந்தி நேரத்து நீலம் வந்துவிடும். மிகவும் கறுப்பாக்கிவிட வேண்டாம். எழுத்து இல்லாமலே சுவரில் என்னென்ன இருக்கிறது என்று தெரிகிற அளவு போதும்.

எழுத்துக் குழாய்

தமிழ் ஃபான்ட் எதையும் அப்படியே போடாதீர்கள். பெரும்பாலான ஃபான்ட்களில் கோடு ஓரிடத்தில் தடித்தும் இன்னோரிடத்தில் மெலிந்தும் இருக்கும். கண்ணாடிக் குழாய்க்குத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே தடிமன்தான். காகிதத்தில் கையால் "வாங்க" என்று எழுதிப் படம் எடுத்து, File > Open & Place மூலம் உள்ளே கொண்டுவாருங்கள். அதன்மேல் Pen கருவியால் கோடு வரையுங்கள். மேல்பட்டையில் Shape தேர்ந்தெடுத்து, Fill வேண்டாம் என்று விட்டு, Stroke மட்டும் கொடுங்கள். கோட்டின் முனை உருண்டையாக இருக்கட்டும். மூலைகளையும் சற்று வளைத்து விடுங்கள், கண்ணாடி செங்கோணமாக மடங்காது.

தடிமன் எவ்வளவு? படத்தின் அகலம் 3000 பிக்சல், அதில் தெரியும் சுவர் 10 அடி என்றால், ஓர் அடிக்கு 300 பிக்சல். 12 மில்லிமீட்டர் குழாய் அந்தக் கணக்கில் சுமார் 12 பிக்சல் வரும். எழுத்து 4 அடி அகலம் என்றால் 1200 பிக்சல். இந்தக் கணக்கைப் போடாமல் கண்ணளவில் வைத்தால் குழாய் பைப் மாதிரித் தடித்துவிடும்.

கோட்டின் நிறம் அடர்ந்த இளஞ்சிவப்பு இல்லை, ஏறக்குறைய வெள்ளை: சிவப்பு 255, பச்சை 225, நீலம் 235. எரியும் குழாய் கேமராவுக்குத் தாங்க முடியாத வெளிச்சம், அதனால் நடுப்பகுதி வெளுத்துவிடும். நிறம் அதைச் சுற்றித்தான் தெரியும். வரைந்த துண்டுகளை எல்லாம் தேர்ந்தெடுத்து Ctrl+E அழுத்தி ஒரே லேயராக்கி, tube என்று பெயர் வைத்து, காகிதப் படத்தின் கண் குறியை அணைத்துவிடுங்கள்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நியான் வாயு தானாகக் கொடுப்பது செம்மஞ்சள் கலந்த சிவப்பு மட்டுமே. மற்ற நிறங்களுக்குப் பெரும்பாலும் ஆர்கானும் பாதரசமும் நிரப்பி, குழாயின் உள்ளே ஒளிரும் பூச்சு பூசுவார்கள். இப்போது கடைகளில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் சிலிக்கோன் உறைக்குள் இருக்கும் எல்.இ.டி. பழைய கண்ணாடிக் குழாயின் தோற்றம் வேண்டும் என்றால், எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே இணைப்புக் குழாயைக் கறுப்பாக வரைந்து விடுங்கள். ஒளி தெரியக் கூடாத இடங்களில் குழாய்மேல் நிஜமாகவே கறுப்புப் பெயிண்ட் அடிப்பார்கள்.

சுவரில் விழும் ஒளி

இதுதான் முக்கியமான இடம். பலரும் பெரிய பிரஷ்ஷை எடுத்து, இளஞ்சிவப்பைச் சுவர்மேல் பூசிவிடுவார்கள். அப்படிப் பூசினால் சுவர், ஜன்னல், வாழைத்தார் எல்லாவற்றிலும் ஒரே இளஞ்சிவப்பு ஏறும். படத்தின் முன்னால் வண்ணப் புகை விட்டதுபோல் இருக்கும். ஒரு பொருள் தன்மேல் விழும் ஒளியில் எதைத் திருப்பி அனுப்புமோ அதைத்தான் நாம் பார்க்கிறோம். ஆகவே பொருளின் நிறத்தையும் ஒளியின் நிறத்தையும் பெருக்க வேண்டும்.

நம் ஒளியின் நிறம் 255, 60, 120 என்று வையுங்கள். சுண்ணாம்புச் சுவர் 235, 230, 215. சிவப்பை சிவப்போடு, பச்சையைப் பச்சையோடு என்று பெருக்கி 255-ஆல் வகுத்தால் 235, 54, 101 வரும். பளிச்சென்ற இளஞ்சிவப்பு. நீல ஜன்னல் 40, 90, 170 என்றால் வருவது 40, 21, 80. கிட்டத்தட்டக் கறுப்பு, லேசாக ஊதா. மஞ்சள் வாழைப்பழம் 230, 190, 60 என்றால் 230, 45, 28 ஆகிவிடும், செவ்வாழைத்தார் தொங்குவதுபோல் இருக்கும். ஒரே விளக்கு, மூன்று பொருளுக்கு மூன்று விதம். இந்த வித்தியாசம்தான் கண்ணை நம்ப வைக்கிறது.

இந்தப் பெருக்கலை Photopea-வே செய்துவிடும்.

1. அடியில் இருக்கும் அசல் படத்தை Ctrl+J அழுத்திப் பிரதி எடுத்து, Curves லேயருக்கு மேலே நகர்த்துங்கள். இருட்டாக்காத படம்தான் இங்கே வேண்டும், பொருட்களின் உண்மையான நிறம் அதில்தான் இருக்கிறது.
2. அதன்மேல் புது லேயர் ஒன்று, 255, 60, 120 நிறம் முழுவதும் நிரப்பி, அந்த லேயர் கலக்கும் முறையை Multiply ஆக்குங்கள்.
3. இந்த இரண்டையும் தேர்ந்தெடுத்து Ctrl+G. குரூப்பின் முறையை Linear Dodge (Add) ஆக்குங்கள்.
4. குரூப்புக்கு மாஸ்க் போட்டு, மாஸ்க்கைத் தேர்ந்தெடுத்து Ctrl+I. மாஸ்க் கறுப்பாகி, ஒளி மறைந்துவிடும்.

இனி மாஸ்க்கில் எங்கே வெள்ளை வைக்கிறீர்களோ அங்கே நியான் வெளிச்சம் விழும். குரூப்பை Ctrl+J மூலம் இன்னும் இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று எதற்கு என்றால், ஒரே ஒரு Gaussian Blur போட்டால் வெளிச்சம் கொஞ்ச தூரம் போய்த் திடீரென்று நின்றுவிடும். நிஜ வெளிச்சம் குழாயை ஒட்டிச் சட்டென்று குறைந்தாலும், அப்புறம் மெல்ல மெல்ல வெகுதூரம் நீளும். அந்த வால் கிடைக்க வேண்டும்.

முதல் குரூப்: tube லேயரின் சிறுபடத்தின்மேல் Ctrl-ஐப் பிடித்தபடி சொடுக்கினால் எழுத்து தேர்வாகும். Select > Modify > Expand 20, மாஸ்க்கில் வெள்ளை நிரப்பி, தேர்வை நீக்கிவிட்டு Gaussian Blur 30. Opacity 50. இரண்டாவது: Expand 80, Blur 120, Opacity 35. Expand செய்யாமல் மெல்லிய கோட்டை நேராக 120-க்கு மங்கலாக்கினால் வெளிச்சம் கரைந்து காணாமல் போய்விடும். தேர்வை நீக்க மறந்தாலும் ஒளி எழுத்தின் ஓரத்தில் வெட்டுப்பட்டு நிற்கும். மூன்றாவது குரூப்பை மட்டும் கையால் செய்யுங்கள். 1500 பிக்சல் பிரஷ், Hardness 0, Opacity 20 வைத்து, எழுத்தைச் சுற்றி மாஸ்க்கில் வெள்ளையை மெல்ல ஏற்றுங்கள். மேலே தகர ஷீட் கூரை இருந்தால் அதன் அடிப்பக்கம் போல, எழுத்தைப் பார்த்திருக்கும் பரப்புகளில் கொஞ்சம் கூட்டலாம்.

மீட்டர் பெட்டி

இப்போது படத்தைப் பெரிதாக்கி மீட்டர் பெட்டியைப் பாருங்கள். எழுத்துக்கு வலப்பக்கம் கீழே, சுவரிலிருந்து நாலு விரல் அளவு வெளியே நிற்கிறது. மாஸ்க்குக்கு இது தெரியாது, அதனால் பெட்டியின் எல்லாப் பக்கத்திலும் ஒரே மாதிரி ஒளி ஏறியிருக்கும். எழுத்தைப் பார்த்திருக்கும் மேல்விளிம்பையும் இடது விளிம்பையும் அப்படியே விடுங்கள். பெட்டிக்குக் கீழேயும் வலப்பக்கமும் உள்ள சுவரில், மூன்று மாஸ்க்கிலும் மெல்லிய கறுப்புப் பிரஷ்ஷால் நிழல் போடுங்கள். நிழல் பெட்டியை ஒட்டிய இடத்தில் கூர்மையாகவும் தள்ளிப் போகப் போக மங்கலாகவும் இருக்க வேண்டும். நீளமான எழுத்திலிருந்து வரும் ஒளிக்கு, தள்ளிப் போகும் நிழலின் ஓரம் மென்மையாகத்தான் இருக்கும். ஜன்னல் சட்டத்துக்கும் கேபிள் ஒயருக்கும் இதே கணக்கு.

எவர்சில்வர் மேசை வேறு ரகம். அது ஒளியைப் பரப்பாது, எழுத்தையே காட்டும். tube லேயரைப் பிரதி எடுத்து Edit > Transform > Flip Vertical செய்து, மேசைமேல் இறக்கி, இளஞ்சிவப்பாக்கி, செங்குத்தாக Motion Blur கொடுங்கள். முறை Screen, Opacity 40. மேசைக்கு வெளியே போவதை மாஸ்க்கால் மறைத்துவிடுங்கள்.

ஒளிவட்டம், கடைசியில்

tube-ஐ இரண்டு பிரதி எடுத்து இளஞ்சிவப்பாக்கி, tube-க்கு அடியில் வைத்து, ஒன்றுக்கு Gaussian Blur 6, மற்றதற்கு 25, இரண்டுக்கும் Screen. இது லென்ஸில் உண்டாகும் மினுக்கம் மட்டும்தான், அதனால் அளவோடு போதும். சுவரின் வேலையை இதை வைத்துச் செய்யப் பார்க்காதீர்கள்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, tube, ஒளிவட்டம், மேசைமேல் உள்ள பிம்பம் மூன்றின் கண் குறியையும் அணைத்துவிடுங்கள். வெறும் சுவரைப் பார்த்தே எழுத்து எங்கே இருந்தது, எந்த உயரத்தில் இருந்தது என்று சொல்ல முடிய வேண்டும். சுவர் முழுக்க ஒரே இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் மூன்றாவது குரூப்பைக் குறையுங்கள். எழுத்து இருந்த இடத்தில் நடுப்பகுதி வெந்து தட்டையாகத் தெரிந்தால் முதல் குரூப்பைக் குறையுங்கள், சுண்ணாம்பின் சொரசொரப்பு திரும்பி வரும்.

மிச்சம் ஒன்றுதான். வழவழப்பான சுவரில் ஒளி மங்கும் இடத்தில் வளையம் வளையமாகக் கோடு தெரியலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது இன்னும் கூடும். இரண்டாவது, மூன்றாவது மாஸ்க்கைத் தேர்ந்தெடுத்து Filter > Noise > Add Noise 2 கொடுங்கள், வளையங்கள் உடைந்துவிடும். அப்புறம் PSD ஆக ஒரு பிரதி வைத்துக்கொண்டு, JPG எடுக்கும்போது தரத்தை 90-க்குக் கீழே இறக்காதீர்கள்.