நாய் வளர்க்கும் செலவு: கணக்கு பிழைக்கும் இடங்கள்

எங்கள் வெள்ளவத்தை மாடிக் குடியிருப்பில் கீழ்வீட்டு அண்ணை போன வருடம் ஒரு நாய்க்குட்டி எடுத்தார். "தம்பி, மாசம் ஒரு பை சாப்பாடு, வருசத்துக்கு ஒரு ஊசி. வேறென்ன செலவு வரப்போகுது?" என்றார். அவர் மனதில் இருந்தது வருடத்துக்கு 60,000 ரூபாய்தான். பத்து வருடமாக நாய் வைத்திருக்கிற எனக்குச் சிரிப்பு வந்தது. நானும் முதலில் அப்படித்தான் போட்டேன்.

முதல் பிழை அந்த "மாசம் ஒரு பை". பையின் விலையைப் பார்க்கிறோம், அது எத்தனை நாளைக்கு வரும் என்று பார்ப்பதில்லை. வளர்ந்த 15 கிலோ நாய்க்கு உலர் உணவு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 240 கிராம் வேண்டும். 3 கிலோ பை பன்னிரண்டு நாளில் முடிந்துவிடும். வருடத்துக்கு 88 கிலோ! மலிவாக இருக்கும் என்று 20 கிலோ மூட்டையை வாங்கினால் இன்னொரு வம்பு. அது முடிய 83 நாள் ஆகும். கொழும்பின் ஈரக் காற்றில் திறந்த மூட்டை அதற்குள் சிக்கு மணக்கத் தொடங்கும், நாய் முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போகும். நான் 10 கிலோ பை வாங்கி, காற்றுப் புகாத வாளியில் பையோடேயே வைக்கிறேன். ஆறு கிழமையில் முடியும், வருடத்துக்கு ஒன்பது பை. நான் வாங்கின விலை 13,500 ரூபாய், ஆக 1,21,500. கடைக்குக் கடை விலை மாறும், ஆனால் நாட்கணக்கு மாறாது. சோறும் கோழிக் கழுத்தும் அவித்துப் போடுகிறவர்களும் இதேபோல ஒரு நாளைய அளவை நிறுத்துப் பார்த்துத்தான் கணக்குப் போடவேண்டும்.

அடுத்த பிழைதான் ஆளைக் கவிழ்ப்பது: உண்ணி மாத்திரையைத் தேவையில்லாச் செலவாக நினைப்பது. குளிர்நாட்டில் உண்ணிக்கு ஒரு பருவம் உண்டு. கொழும்பில் அது வருடம் முழுக்க இருக்கும். வீட்டுநாயில் ஏறும் கபில உண்ணி தன் வாழ்நாளில் பெரும்பகுதியை நாயின் உடம்பில் அல்ல, சுவர் வெடிப்பிலும் கட்டிலுக்கடியிலும் கழிக்கிறது. ஆகவே நாயில் உண்ணி தெரியாத மாதத்தில் மாத்திரையை நிறுத்துவது மிச்சம் பிடிப்பது ஆகாது. மாதம் 2,800 ரூபாய்ப்படி எனக்கு வருடம் 33,600 போகிறது. வருடாந்த ஊசிகளும் பூச்சி மருந்தும் சேர்த்தால் 43,500.

ஒரு வருடம் நான் மூன்று மாதம் மாத்திரையைத் தவறவிட்டேன். ஒரு ஞாயிறு இரவு நாய் சாப்பாட்டைத் தொடவில்லை. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன், ஈறு வெளுத்துப் போயிருந்தது. உண்ணிக் காய்ச்சல். இரவில் நாயோடு ஏற ஓட்டோக்காரர் யாரும் சம்மதிக்காமல், கடைசியில் 3,000 கொடுத்துப் போனோம். வைத்தியரைப் பார்த்த கட்டணம் மூன்று முறைக்கு 6,000தான். பணம் போனது மற்றவற்றில்: இரத்தப் பரிசோதனை மூன்று தடவை 7,500, காய்ச்சலுக்கான தனிச் சோதனை 5,000, மூன்று நாள் சேலைன் 12,000, மருந்து 6,500. எல்லாம் 40,000. ஒரு வருட மாத்திரைக் காசைவிடக் கூட.

இதில் இன்னொரு சறுக்கலும் உண்டு. ஐந்தாம் நாள் நாய் வாலாட்டிக்கொண்டு ஓடித் திரியும், நாங்கள் மருந்தை நிறுத்திவிடுவோம். உண்ணிக் காய்ச்சலைத் தரும் எர்லிக்கியா என்ற கிருமிக்கு டொக்சிசைக்ளின் வழக்கமாக 28 நாள் கொடுக்க வேண்டும். இடையில் விட்டால் நோய் உள்ளே தங்கிவிடும், முழுச் செலவும் திரும்ப வரும். இரத்தச் சிறுதட்டு எண்ணிக்கை கூடிவிட்டதா என்று பார்க்கும் இரண்டாம், மூன்றாம் இரத்தப் பரிசோதனையை வீண்செலவு என்று தள்ளுகிறவர்களையும் கண்டிருக்கிறேன். நாய் சுகமாகத் தெரிவதும் இரத்தம் சரியாவதும் ஒரே நாளில் நடப்பதில்லை.

மூன்றாவது பிழை, அவசரச் செலவை வராத வருடத்தில் பூச்சியம் என்று எழுதுவது. வந்த வருடம் 40,000, வராத வருடம் 0 என்று இரண்டையும் தனித்தனியே பார்த்தால் இரண்டும் பொய். மூன்று வருடத்துக்கு ஒரு பெரிய வருத்தம் என்பது என் அனுபவக் கணக்கு. உண்ணிக் காய்ச்சலோடு நிற்பதில்லை. கருத்தடை செய்யாத பெட்டைக்குக் கருப்பையில் சீழ் பிடித்தால் பெரும்பாலும் சத்திரசிகிச்சைதான் வழி, அது பலமடங்கு. அதற்கு எவ்வளவு வாங்குவார்கள் என்று ஊசி போடப் போகும் நாளிலேயே உங்கள் மிருக வைத்தியரிடம் கேளுங்கள். அந்தத் தொகையை மூன்றாகப் பிரித்து, ஒரு பங்கை ஒவ்வொரு வருடமும் தனிக் கணக்கில் போடுங்கள். நாய் கிழடானால் மூன்றை இரண்டாக்க வேண்டும்.

கீழ்வீட்டு அண்ணைக்கு இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவசரச் செலவு இல்லாமலே 1,65,000. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போகேக்க இதை எங்க விடுறது? அதுக்கும் காசோ?" என்றார். அதை நான் எழுத மறந்துபோனேன்.