கேஸ் பிரசன்டேஷனுக்கு முன் பெயரை மட்டும் அழித்தால் போதாது

நோயாளி யாரென்று தெரியக்கூடாது என்று ஸ்லைடிலிருந்து பெயரையும் ஆஸ்பத்திரி ஐ.பி. நம்பரையும் எல்லோரும் எடுத்துவிடுகிறோம். தேதிதான் தங்கிவிடும். அதைச் சும்மா அழித்தாலும் கேஸ் புரியாமல் போகும். டெங்குவில் காய்ச்சலின் எத்தனையாவது நாள் என்பதுதானே முக்கியம்? அதனால் தேதியை நாள் கணக்காக மாற்றுங்கள். ‘மார்ச் 12 காய்ச்சல், 15 அட்மிஷன், 17 பிளேட்லெட் 18,000’ என்பதை ‘காய்ச்சலின் 4-ஆம் நாள் அட்மிஷன், 6-ஆம் நாள் பிளேட்லெட் 18,000’ என்று எழுதினால் பாடம் அப்படியே இருக்கும்.

அப்புறம் ‘இன்ன ஊர் பஞ்சாயத்துத் தலைவர், 52 வயது’ என்ற வரி. பெயரே வேண்டாம், அந்த ஊர்க்காரர் ஒருவர் வகுப்பில் இருந்தால் போதும். ‘ஐம்பது வயதைத் தாண்டியவர்’ என்று நிறுத்துங்கள். தொழில் நோய்க்குக் காரணமாக இருந்தால் மட்டும் பொதுவாகச் சொல்லுங்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது எக்ஸ்ரே படம். மூலையில் இருக்கும் பெயரை பவர்பாயின்டில் கிராப் செய்தால் அது மறைகிறதே தவிர, அழிவதில்லை. ஃபைலை வாங்கியவர் மறுபடி இழுத்துப் பார்த்தால் பெயர் தெரியும். கருப்புக் கட்டம் வைத்தாலும் அதே கதைதான், நகர்த்தினால் போச்சு. படத்தை முதலில் Paint-இல் வெட்டி, புது ஃபைலாகச் சேமித்து, அதையே ஸ்லைடில் போடுங்கள்.