போஸ்ட் பண்ணும் முன் விளம்பர வாசகத்தை மூன்று தடவை படியுங்கள்

சிங்கப்பூர் தேக்காவில் துணிக்கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் போன வருஷம் வாட்ஸ்அப்பில் இதை அனுப்பி, "தம்பி, அஞ்சு நிமிஷத்துல பாத்துக் குடுப்பா" என்றார்.

"இந்த தீபாவளிக்கு புது புடவையை பார்த்து வாங்கி செல்லுங்கள். குறைந்த விளை, சனி கிழமை வரை மட்டும் தான். வந்து பாருங்கள், வர வேற்கிறோம்!"

எல்லாப் பிழையையும் ஒரே வாசிப்பில் பிடிக்கப் பார்த்தால் பாதி தப்பிவிடும், அதனால் நான் மூன்று தடவை படிப்பேன்.

முதல் தடவை எழுத்து மட்டும். ர ற, ல ள ழ, ன ண வரும் சொற்களில் நின்று பாருங்கள். இங்கே சிக்கியது "விளை". "விளை"யும் ஒரு சொல்தான் என்பதால் பிழைதிருத்தி இதைக் காட்டாது, நாம்தான் பார்த்து "விலை" என்று மாற்ற வேண்டும்.

இரண்டாம் தடவை சொற்பிரிப்பு. "வரவேற்கிறோம்" ஒரே சொல். "சனிக்கிழமை"யும் அப்படியே, நடுவில் க் உண்டு. "தான்" தனியாக நிற்காது, "மட்டும்தான்". இதை முடித்துவிட்டுத்தான் இரண்டு சொல்லுக்கு நடுவில் வரும் க், ச், த், ப் ஒற்றுக்குப் போக வேண்டும், ஏனென்றால் சொல் எங்கே முடிகிறது என்று தெரியாமல் ஒற்று பார்க்க முடியாது.

மூன்றாம் தடவை ஒற்று, இதுதான் எல்லோரும் பயப்படும் இடம். ஆனால் வாசகம் முழுக்கத் தேட வேண்டாம்: அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கும் இடங்களை மட்டும் பாருங்கள், நடுவில் காற்புள்ளியோ முற்றுப்புள்ளியோ இருந்தால் விட்டுவிடுங்கள். இதில் அப்படி ஆறு இடம்தான். "இந்த"வுக்குப் பின் மிகும், கு, ஐ உருபுகளுக்குப் பின்னும் மிகும்: இந்தத் தீபாவளிக்குப், புடவையைப் பார்த்து. "புதுப் புடவை", "வாங்கிச் செல்லுங்கள்" இரண்டிலும் மிகும். ஆறாவது "வந்து பாருங்கள்". இங்கே மிகாது! ந்து, ண்டு, ன்று என்று முடியும் வந்து, கண்டு, சென்று போன்ற வினைகளுக்குப் பின் ஒற்று வராது. த்து, ட்டு என்று முடிந்தால் வரும், "எடுத்துச் செல்லுங்கள்" மாதிரி. புதிதாகக் கற்றவர்கள் ஒற்றை விடுவதைவிட "வந்துப் பாருங்கள்" என்று கூடுதலாகப் போட்டுத்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

"இந்தத் தீபாவளிக்குப் புதுப் புடவையைப் பார்த்து வாங்கிச் செல்லுங்கள். குறைந்த விலை, சனிக்கிழமை வரை மட்டும்தான். வந்து பாருங்கள், வரவேற்கிறோம்!"

சரி, அனுப்பிவிட்டேன். அப்புறம் படமாக வந்ததையும் ஒருமுறை கேட்டு வாங்கிப் பாருங்கள், சில டிசைன் மென்பொருளில் கொம்பும் காலும் எழுத்தைவிட்டுப் பிரிந்து நிற்கும். அக்காவின் படத்தில் எழுத்தெல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஆனால் கடைசி நேரத்தில் "புது"வை "புதிய" ஆக்கியவர் ப்-ஐ எடுக்க மறந்திருந்தார்: "புதியப் புடவை". "புதிய" போன்ற பெயரெச்சத்துக்குப் பின் ஒற்று மிகாது, "புதிய புடவை"தான். ஒரு சொல்லை மாற்றினால் அதன் முன்னும் பின்னும் உள்ள இரண்டு சந்திப்பை மட்டும் மறுபடி பாருங்கள், பத்து வினாடி வேலை.