மேற்கோள் குறிக்குள் விளம்பரக்காரர் பேசும்போது

ஈரோட்டில் ஒரு அம்மா சாய்த்து மாவு எடுக்கும் டேபிள்டாப் கிரைண்டர் ஒன்றை வாங்கி ஆறு மாதம் பயன்படுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். விற்ற கடை அவரிடம் கருத்துக் கேட்டு விளம்பரம் போடுகிறது: “இந்த அதிநவீன கிரைண்டர் என் சமையலறையின் சிறந்த தோழி! – எஸ்.கே., ஈரோடு.” அந்த அம்மா நிஜமானவர், கருத்துக் கேட்டதும் நிஜம். ஆனாலும் படிக்கிறவர் நம்ப மாட்டார். ‘அதிநவீன’ என்று யாரும் பக்கத்து வீட்டாரிடம் கிரைண்டரைப் பற்றிப் பேசுவதில்லை. அது கடைக்காரரின் சொல்.

பல நேரங்களில் இந்தத் தவறு எழுதும்போது நடப்பதே இல்லை, கேட்கும்போதே நடந்துவிடுகிறது. “கிரைண்டர் எப்படி இருக்குங்க?” என்று கேட்டால் “நல்லா இருக்குங்க” என்றுதான் பதில் வரும். அதில் விளம்பரத் தலைப்புக்கு ஒன்றும் இல்லை என்பதால் எழுதுபவர் தன் கைச்சரக்கைச் சேர்க்கிறார். கேள்வியை மாற்ற வேண்டும். வாங்கும் முன் எதற்குத் தயங்கினீர்கள்? பழையதில் எது தொல்லையாக இருந்தது? இதில் பிடிக்காதது என்ன? இப்படிக் கேட்டு, சொல்வதைக் குரல் பதிவாக வாங்கினால் இப்படி ஒன்று கிடைக்கலாம்:

“பழசுல கல்லத் தூக்கி மாவெடுக்கறதுக்குள்ள இடுப்பு போயிரும்ங்க. இதுல சாய்ச்சா மாவு வந்துருது. சத்தம் மட்டும் கொஞ்சம் இருக்குதுங்க. வெல கூடத்தான், பையன் வாங்கிக் குடுத்தான்.”

தலைப்பு இங்கேயே இருக்கிறது: “பழசுல கல்லத் தூக்கி மாவெடுக்கறதுக்குள்ள இடுப்பு போயிரும்ங்க.” இதை “பழைய கிரைண்டரில் கல்லைத் தூக்குவதால் இடுப்பு வலி ஏற்பட்டது” என்று எழுத்துத் தமிழாக்கினால் ஆள் காணாமல் போய்விடுவார். அந்த ‘ங்க’தான் கொங்கு நாட்டுக்காரரைக் காட்டுகிறது. அதை வெட்டி எறிந்துவிட்டுக் கீழே ‘ஈரோடு’ என்று போடுவதில் என்ன பயன்? நான் ஆச்சரியக்குறியையும் போட மாட்டேன். அவர் சலித்துக்கொண்டு சொன்னதை விளம்பரம் கூவிச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து வெட்டுவதில் வரும் தவறுகள். தலைப்பில் இடம் குறைவு, வெட்டித்தான் ஆக வேண்டும். முன்னும் பின்னும் விடலாம். நடுவில் விட்டால் மூன்று புள்ளி வைக்கலாம். சொல்லாத சொல்லைச் சேர்க்கக் கூடாது. இரண்டு பேர் சொன்னதை ஒட்டி ஒருவர் வாயில் போடக் கூடாது. இதைவிட நுட்பமான தவறு, வெட்டியதால் பொருள் மாறுவது. “சத்தம் மட்டும் கொஞ்சம் இருக்குது” என்று சொன்னவரை வைத்துக்கொண்டு, தலைப்புக்குக் கீழே ‘சத்தமே இல்லாத கிரைண்டர்’ என்று கம்பெனியின் வரியை எழுதினால், அவரும் அதைச் சொன்ன மாதிரி ஆகிவிடும். அந்தக் குறையைத் தலைப்புக்கு அடுத்த வரியிலேயே விட்டுவைப்பது நல்லது என்பேன். சத்தத்தை ஒப்புக்கொண்ட ஆள் சொல்வதால்தான் இடுப்பு வலிக் கதையும் நம்பும்படி இருக்கிறது.

“வாடிக்கையாளர்தானே சொன்னார், நாங்களா சொன்னோம்” என்று நழுவவும் முடியாது. 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட விதிமுறைகளின்படி, விளம்பரத்தில் பரிந்துரைப்பவரின் கருத்து உண்மையானதாகவும், ஓரளவு அண்மையதாகவும், பொருளைப் பற்றிய போதிய தகவலையோ அனுபவத்தையோ அடிப்படையாகக் கொண்டதாகவும் இருக்க வேண்டும். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. ஆகவே அந்த அம்மா “கரண்ட் பில் பாதியாயிருச்சுங்க” என்று மனதாரச் சொல்லியிருந்தாலும், அதைத் தலைப்பாக்கும் முன் பழைய பில்லையும் புதிய பில்லையும் பார்க்க வேண்டும். குறைவுக்குக் காரணம் கிரைண்டர்தானா, கோடை முடிந்து ஏ.சி.யை அணைத்ததா என்றும் பார்க்க வேண்டும். அது தெளிவாகாவிட்டால் அந்த வரியை விட்டுவிட்டு இடுப்பைப் பற்றியே பேசலாம்.

‘எஸ்.கே.’ என்ற இரண்டெழுத்தும் சந்தேகத்தைக் கிளப்பும். இணையத்தில் வாங்கிய மாடல் படத்தைப் பக்கத்தில் வைத்தால் இன்னும் மோசம், அதே முகம் பல் கிளினிக் விளம்பரத்திலும் சிரித்துக்கொண்டிருக்கும். முழுப்பெயர் போட அவர் சம்மதித்தால் போடலாம். இல்லையென்றால் “ஈரோடு, ஆறு பேர் உள்ள வீடு, வாரம் இரண்டு முறை மாவு ஆட்டுபவர்” என்று போடலாம், அதுவும் உண்மையாக இருந்தால் மட்டும். படம் தர விருப்பமில்லாவிட்டால் படமே வேண்டாம்.

அச்சுக்குப் போகும் முன், வெட்டித் தயாரான தலைப்பை, பக்கத்தில் வரும் கம்பெனி வரிகளோடு சேர்த்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, “இப்படிப் போடலாமா?” என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். “ஐயோ, நான் இப்படிச் சொல்லலீங்களே” என்று வந்தால் குரல் பதிவை மறுபடி கேட்டுத் திருத்துங்கள். அந்தக் குரல் பதிவையும், அவர் எழுத்தில் தந்த பதிலையும், விளம்பரம் ஓடி முடியும் வரைக்கும் அழிக்காமல் வைத்திருங்கள்.