பள்ளி நூலகர் பணி விவரமும் விளம்பரமும் எழுதும் முறை

தமிழ்நாட்டில் ஓர் ஊரின் மெட்ரிக் மேல்நிலைப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். ஆறு முதல் பன்னிரண்டு வரை 21 பிரிவுகளில் 800 மாணவர்கள் படிக்கிறார்கள். நூலகத்தில் 7,000 நூல்கள் இருக்கின்றன. அவற்றின் பட்டியல் கையால் எழுதிய சேர்க்கைப் பதிவேட்டில் மட்டுமே உள்ளது. இந்தப் பள்ளிக்கு நூலகர் தேவை. பல பள்ளி அலுவலகங்கள் முதலில் விளம்பரத்தை எழுதிவிட்டு, ஆள் சேர்ந்த பிறகு பணி என்னவென்று யோசிக்கின்றன. இங்கு அதை மாற்றி, பணி விவரத்தில் தொடங்குவோம்.

படி 1: வாரத்தைக் கணக்கிடுங்கள்

வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு 40 நிமிடப் பாடவேளை எட்டு என்றால் மொத்தம் 40 பாடவேளைகள். ஆறு முதல் ஒன்பது வரையுள்ள 12 பிரிவுகளுக்கு வாரம் ஒரு நூலக வேளை கொடுத்தால் 12 போய்விடும். மீதி 28இல் நூல் வழங்கல், திரும்பி வந்தவற்றை அடுக்குதல், உயர்வகுப்பு மாணவர்களுக்கு உதவுதல் ஆகியவற்றுக்கு 18ஐ ஒதுக்கினால், கணினிப் பட்டியலுக்கு 10 கிடைக்கும், அதாவது 400 நிமிடம். ஒரு நூலின் விவரங்களைத் தட்டச்சு செய்து, வகைப்பாட்டு எண் தந்து, முதுகில் சீட்டு ஒட்ட ஐந்து நிமிடம் என்று வைத்தால் வாரத்துக்கு 80 நூல்கள். 40 வாரக் கல்வியாண்டில் 3,200. ஆகவே "மூன்று மாதத்தில் நூலகத்தைக் கணினிமயமாக்க வேண்டும்" என்ற வரி இந்தப் பள்ளிக்குப் பொருந்தாது. முதலாண்டு இலக்கு 3,000 நூல்கள் என்று எழுதுவதே நேர்மை.

படி 2: பணிகளை வினைகளாக எழுதுங்கள்

"நூலகத்தைச் சிறப்பாகப் பராமரித்தல்" என்பதை வைத்து யாரையும் மதிப்பிட முடியாது. "புதிய நூல்களை வந்த பத்து நாட்களுக்குள் சேர்க்கைப் பதிவேட்டில் ஏற்றுதல்" என்றால் முடியும். ஆசிரியர் விடுப்பில் சென்ற வகுப்புக்கு நூலகரை அனுப்பும் வழக்கம் உங்கள் பள்ளியில் இருந்தால், அதற்கும் "வாரத்துக்கு மூன்று பாடவேளைக்கு மிகாமல்" என்று வரம்பு குறியுங்கள். அந்த வரம்பு இல்லாத இடத்தில் மேலே கணக்கிட்ட பத்தும் முதலில் கரைந்துவிடும். ஜூலையிலேயே பட்டியல் பணி நின்றுவிட்டால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

படி 3: தொலையும் நூல்களைப் பற்றி எழுதுங்கள்

அனுபவமுள்ள விண்ணப்பதாரர் நேர்காணலில் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, காணாமற்போன நூல்களின் விலையைச் சம்பளத்தில் பிடிப்பீர்களா என்பது. பிடிக்கும் பள்ளியில் நூலகர் அலமாரிகளைப் பூட்டியே வைப்பார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, விதி 215 இதற்கு நல்ல அளவுகோல் தருகிறது. ஆண்டில் வழங்கப்பட்ட அல்லது பார்வையிடப்பட்ட ஆயிரம் நூல்களுக்கு ஐந்து தொலைவதை, நேர்மைக்குறைவோ கவனக்குறைவோ காரணமாக இல்லாதவரை, இயல்பான இழப்பாக அது கொள்கிறது. ரூ. 1,000க்கு மேற்பட்ட நூலும் அரிய நூலும் தொலைந்தால் விசாரணை வேண்டும். இருபதாயிரம் நூல்கள் வரையுள்ள நூலகத்தில் ஆண்டுதோறும் முழு இருப்புச் சரிபார்ப்பு நடக்க வேண்டும் என்றும் சொல்கிறது. தனியார் பள்ளியை இவ்விதி கட்டுப்படுத்தாது. எனினும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். நம் பள்ளியில் ஆண்டுக்கு 9,000 முறை நூல் வழங்கப்பட்டால் 45 நூல்கள் வரையிலான இழப்பு வரம்புக்குள் அடங்கும். கணக்கின் அடிப்படை வழங்கல் எண்ணிக்கையே; அலமாரியில் உள்ள 7,000 அன்று.

படி 4: விளம்பரத்தைப் பிழிந்தெடுங்கள்

பணி விவரம் இரண்டு பக்கம் வரலாம். விளம்பரம் ஒரு பத்திதான். விண்ணப்பிப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கத் தேவையானவை மட்டும் அதில் இருக்கட்டும்.

"முழுநேர நூலகர் தேவை. தகுதி: ஏதேனும் ஒரு பட்டத்துடன் நூலகம் மற்றும் தகவல் அறிவியலில் இளநிலைப் பட்டம் (பி.எல்.ஐ.எஸ்சி.). 800 மாணவர்கள் பயிலும் மெட்ரிக் மேல்நிலைப் பள்ளி, 7,000 நூல்கள். வாரம் 12 நூலக வேளைகளை நடத்துதல், நூல் வழங்கல், பதிவேட்டுப் பட்டியலைக் கணினிக்கு மாற்றுதல் ஆகியவை முதன்மைப் பணிகள். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தட்டச்சு செய்யத் தெரிந்திருக்க வேண்டும். மென்பொருள் பயிற்சி பள்ளியில் தரப்படும். சம்பளம் மாதம் ரூ. 18,000 முதல் ரூ. 22,000 வரை, வருங்கால வைப்பு நிதி உண்டு. நேர்காணலில் ஆறாம் வகுப்புக்கு ஒரு நூலக வேளை நடத்திக் காட்ட வேண்டும்."

தகுதி இரண்டாம் வாக்கியத்திலேயே வந்துவிட்டதைக் கவனியுங்கள். அது கடைசியில் ஒளிந்திருந்தால், ஆசிரியர் வேலை தேடும் பி.எட். பட்டதாரிகளின் விண்ணப்பங்களே குவியும். கோஹா என்ற நூலக மென்பொருளில் ஐந்தாண்டு அனுபவம் கட்டாயம் என்றும் கேட்கவில்லை. கையெழுத்துப் பதிவேடு மட்டுமே உள்ள பள்ளி அதைக் கேட்டால், இந்தச் சம்பளத்துக்கு வரக்கூடியவர்களையும் விலக்கிவிடும். சம்பளத்தை "தகுதிக்கேற்ப" என்று மறைப்பதும் வேண்டாம். தொகை ஒத்துவராதவர்களை நேர்காணலுக்கு அழைப்பதில் இரு தரப்புக்கும் ஒரு நாள் வீண். விளம்பரத்தின் கீழ் விண்ணப்ப முகவரியையும் கடைசி நாளையும் சேர்த்து, முழுப் பணி விவரத்தை நேர்காணல் அழைப்புடன் அனுப்புங்கள். நூல் இழப்பு வரம்பும் மாற்று வகுப்பு வரம்பும் அந்தத் தாளில்தான் இருக்க வேண்டும். நியமன ஆணையுடன் அதை இணைத்து, தாளாளரும் நூலகரும் கையெழுத்திட வேண்டும்.