ரெட் ஒயின்: எதை டிகான்டரில் ஊற்றலாம், எதை அப்படியே விடலாம், எவ்வளவு நேரம் காற்றுப் படவிடலாம்

சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே பாட்டிலின் தக்கையைக் கழற்றி வைத்துவிட்டு, ஒயின் மூச்சு விடுகிறது என்று நம்பி உட்கார்ந்திருப்பார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஒன்றுமே நடப்பதில்லை. பாட்டில் கழுத்தின் உள்விட்டம் 2 சென்டிமீட்டர்கூடக் கிடையாது. காற்றுப் படும் பரப்பு 3 சதுர சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். அதே ஒயினை டிகான்டர் என்கிற, 18 சென்டிமீட்டர் அகலமான கண்ணாடிக் குடுவையில் ஊற்றினால் அந்தப் பரப்பு 250 சதுர சென்டிமீட்டர் ஆகிறது. ஊற்றும்போது மெல்லிய தாரையாக விழுந்து கலங்குவதில் சேரும் காற்று தனி. ஆகவே காற்றுப் பட வேண்டுமென்றால் ஊற்றித்தான் ஆக வேண்டும். ஊற்ற வேண்டுமா என்பதுதான் முதல் கேள்வி.

டிகான்டருக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, பழைய ஒயினின் அடியில் தங்கிய மண்டியைப் பாட்டிலிலேயே விட்டுவிட்டுத் தெளிவை மட்டும் இறுத்து எடுப்பது. இன்னொன்று, இளம் ஒயினை ஆற்றுவது. முதல் வேலைக்குக் கை மெதுவாகப் போக வேண்டும், ஒயின் கலங்கவே கூடாது. இரண்டாவதற்கு நன்றாகக் கலங்க வேண்டும். தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, பழைய ஒயினைப் படபடவென்று ஊற்றுவார்கள், இளம் ஒயினைப் பயந்து பயந்து சாய்ப்பார்கள்.

முதல் படி: முகர்ந்து முடிவெடுங்கள்

பாட்டிலைத் திறந்ததும் கோப்பையில் 30 மில்லி மட்டும் ஊற்றுங்கள். சுழற்றாமல் ஒரு முறை முகருங்கள். பிறகு கோப்பையைப் பத்துப் பதினைந்து முறை வேகமாகச் சுழற்றி மறுபடி முகர்ந்து, ஒரு வாய் குடித்துப் பாருங்கள். சுழற்றுவதற்கு முன்னும் பின்னும் மணத்தில் தெரிகிற வித்தியாசம்தான் உங்களுக்கு வழிகாட்டி. டிகான்டர் செய்யப்போவதும் இதே காரியம்தான், பெரிய அளவில், நிதானமாக.

சுழற்றியதும் மணம் விரிந்து, பழ வாசனை முன்னுக்கு வந்தால் டிகான்டர் உதவும். முதலில் தீக்குச்சி கொளுத்திய வாசனையோ லேசான அழுகிய முட்டை வாசனையோ அடித்து, சுழற்றச் சுழற்ற அது குறைந்தால் கட்டாயம் ஊற்றுங்கள். அந்த முட்டை வாசனைக்குக் காரணம், நொதிக்கும்போது ஈஸ்ட் உண்டாக்கிய ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு. காற்றுப் புகாத பாட்டிலில் அடைபட்டுக் கிடக்கும். திருகு மூடி தக்கையைவிடக் காற்றை இறுக்கமாகத் தடுப்பதால், அந்த பாட்டில்களில் இது கொஞ்சம் அதிகமாகவே தென்படும். எளிதில் ஆவியாகிற வாயு என்பதால் திறந்த பரப்பில் வெளியேறிவிடும். பூண்டு, ரப்பர், வெந்த முட்டைக்கோஸ் போன்ற வாசனைகளும் கந்தகச் சேர்மங்களால் வருபவைதான், ஆனால் அவை பிடிவாதக்காரர்கள், இரண்டு மணி நேரமானாலும் முழுதாகப் போகாமல் இருக்கலாம்.

சுழற்றிய பிறகு மணம் முன்பைவிட மங்கினால் பாட்டிலிலிருந்தே நேராகப் பரிமாறுங்கள். ஈரமான அட்டைப்பெட்டி, நனைந்த சாக்கு மாதிரி அடித்தால் தக்கை கெட்டிருக்கிறது. இதைச் சரிசெய்ய டிகான்டரால் முடியாது; காற்றுப் பட்டால் அந்த நாற்றம் இன்னும் தெளிவாகத் தெரியும், அவ்வளவுதான். பாட்டிலைக் கடைக்கே திருப்பிக் கொடுங்கள். வினிகர் நெடியும் அப்படித்தான். ஏற்கெனவே காற்றுப் பட்டுக் கெட்டதற்கு இன்னும் காற்றைக் கொடுத்து என்ன பயன்?

எதற்கு வீண் வேலை

போஜொலே போன்ற இலகுவான ஒயின்களும், பழமணத்துக்காகவே உடனே குடிக்கச் செய்த விலை குறைந்த ரெட் ஒயின்களும் திறந்தவுடனே தங்களிடம் உள்ளதை எல்லாம் காட்டிவிடும். ஒரு மணி நேரம் விட்டால் மணம் குறையுமே தவிரக் கூடாது. மெல்லிய பினோ நுவார் ஒயினும் பெரும்பாலும் இந்தக் கூட்டம்தான். கோப்பையில் சுழற்றினாலே அதற்குப் போதும். சல்பைடு வாசனை இருந்தால் மட்டும் இவற்றுக்கும் பத்து நிமிடம் கொடுக்கலாம்.

ஒயின் அறிஞர்களிடையே இதில் ஒருமித்த கருத்து இல்லை. பிரான்சின் போர்தோ நகரைச் சேர்ந்த புகழ்பெற்ற ஒயினியல் பேராசிரியர் எமில் பெய்னோ, மண்டி உள்ள ஒயினை மட்டுமே இறுத்து எடுக்க வேண்டும், அதையும் பரிமாறுவதற்குச் சற்று முன்புதான் செய்ய வேண்டும் என்று வாதிட்டவர். பழைய ஒயினைப் பொறுத்தவரை அவர் சொன்னது அப்படியே சரி. இளம், கனமான ஒயின்களில் கொஞ்சம் காற்று நன்மை செய்கிறது என்பதை நீங்களே ஒரு பாட்டிலில் சோதித்துவிடலாம். கீழே வருகிறது.

இளம் ஒயின்: ஒரு பாட்டில், ஒரு மாலை

மூன்று வயதான ஒரு கேபர்னே சொவிஞோன், 750 மில்லி, இரவு 8 மணிக்குச் சாப்பாடு என்று வைத்துக்கொள்வோம்.

1. வீட்டுச் சூடு 30 டிகிரி என்றால் மாலை 5 மணிக்கே பாட்டிலைக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். சுமார் 2 மணி நேரத்தில் 16 டிகிரியை ஒட்டி வந்துவிடும். மறந்துவிட்டால் ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் கால் மணி நேரம் போதும். இந்தப் படியை விட்டுவிட்டால் மற்ற எதைச் செய்தும் பயனில்லை. 30 டிகிரியில் ஆல்கஹால் நெடி மூக்கில் ஏறி மற்ற மணங்களை அமுக்கிவிடும்.

2. 7 மணிக்குத் திறந்து, மேலே சொன்னபடி 30 மில்லி ஊற்றிப் பாருங்கள்.

3. டிகான்டரை முகர்ந்து பாருங்கள். அலமாரி வாசனையோ சோப்பு வாசனையோ இருந்தால் அது நேராக ஒயினில் இறங்கும். இரண்டு தேக்கரண்டி ஒயினை உள்ளே விட்டுச் சுழற்றிக் கொட்டிவிடுங்கள்.

4. பாட்டிலைத் தயங்காமல் சாய்த்து, ஒயின் டிகான்டரின் அடியில் விழுந்து தெறிக்கும்படி ஊற்றுங்கள். நுரை எழுந்தால் நல்லதே. ஆனால் முதல் முறை பாதி பாட்டிலை மட்டும் ஊற்றி, மீதியை மூடி வையுங்கள்.

5. 7.30-க்கும் 8-க்கும் இரண்டிலிருந்தும் ஒவ்வொரு வாய் எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். டிகான்டரில் இருப்பது நன்றாக இருந்தால் மீதியையும் ஊற்றுங்கள். வித்தியாசமே தெரியாவிட்டால் அந்த ஒயினுக்கு இனி டிகான்டரைக் கழுவும் வேலை மிச்சம்.

இந்த ஒப்பீட்டில் துவர்ப்பு குறைந்த மாதிரித் தோன்றும். துவர்ப்பைத் தருகிற டானின் ஒரு மணி நேரத்தில் அப்படியொன்றும் உருமாறிவிடுவதில்லை. பழமணம் மேலெழுந்ததும் நாக்கு துவர்ப்பைக் குறைவாகக் கவனிக்கிறது. அதனால்தான் வெறும் துவர்ப்பு மட்டும் மிஞ்சி, பழமே இல்லாத ஒயினை எவ்வளவு நேரம் விட்டாலும் அது துவர்த்துக்கொண்டே இருக்கும்.

டிகான்டர் இல்லாவிட்டால் அகலமான கண்ணாடி ஜக் போதும். இரண்டு ஜக் இருந்தால் காபி ஆற்றுவதுபோல் நாலைந்து முறை மாற்றி மாற்றி ஊற்றலாம். அவசரத்துக்கு இது அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தும். எவர்சில்வர் சொம்பு ஒயினை ஒன்றும் செய்யாது, உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் குறை. பித்தளை, செம்புப் பாத்திரங்கள் வேண்டவே வேண்டாம், ஒயினின் புளிப்பு அவற்றைக் கரைக்கும்.

எவ்வளவு நேரம்

கியான்டி, மெர்லோ போன்ற நடுத்தரக் கனம் உள்ளவற்றுக்கு 15 முதல் 30 நிமிடம். இளம் கேபர்னே, ஷிராஸ், மால்பெக் என்றால் ஒரு மணி நேரம். இத்தாலியின் இளம் பரோலோவுக்கு 2 முதல் 3 மணி நேரம்கூடக் கொடுக்கிறார்கள். இவை எல்லாம் தோராயம்தான். அரை மணிக்கு ஒரு முறை ஒரு வாய் குடித்துப் பார்ப்பதே உண்மையான அளவுகோல். முந்தைய வாயைவிட மணம் மங்கத் தொடங்கினால் காத்திருப்பை நிறுத்திப் பரிமாறுங்கள். கோப்பையிலும் காற்றுப் படும் என்பதால் சற்று முன்னதாகவே நிறுத்துவது நல்லது.

நம் ஊர் வெயிலில் இன்னொரு கணக்கும் உண்டு. 16 டிகிரியில் ஊற்றிய ஒயின், 30 டிகிரி அறையில் ஒரு மணி நேரம் இருந்தால் 20-க்குப் பக்கத்தில் போய்விடும். நீண்ட நேரம் விடுவதாக இருந்தால் டிகான்டரைக் குளிர்ந்த தண்ணீர் உள்ள அகலமான பாத்திரத்தில் உட்கார வையுங்கள்.

பழைய ஒயின்: கை நடுங்கக் கூடாது

இருபது, இருபத்தைந்து வயதான போர்தோ ஒயினிலும், விண்டேஜ் போர்ட் என்ற போர்ச்சுகல் ஒயினிலும் நிறமும் டானினும் சேர்ந்து படிந்து மண்டியாகிவிடும். தீங்கில்லை, ஆனால் வாயில் மணல் மாதிரி நெருடும், கசக்கும். குறைந்தது ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் முன்பே பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள். படுக்க வைத்திருந்தபோது பக்கவாட்டில் ஒட்டியிருந்த மண்டி மெல்ல அடிக்கு இறங்கும்.

மூடியின் மேல் உள்ள உறையை முழுதாக உரித்துவிடுங்கள், கழுத்து தெரிய வேண்டும். பழைய தக்கை உதிரும் என்பதால் திருகாணியை விட, தக்கையின் இரு பக்கமும் இறங்கிப் பிடிக்கும் இரட்டைத் தகட்டுத் திறப்பான் பாதுகாப்பு. செல்போன் டார்ச்சை எரியவிட்டு, வெளிச்சம் பாட்டிலின் தோளுக்குக் கீழிருந்து மேலே அடிக்கும்படி மேசையில் வையுங்கள். ஒயின் டிகான்டரின் சுவரில் வழிந்து இறங்கும்படி, ஒரே சாய்ப்பில், இடையில் நிமிர்த்தாமல் ஊற்றுங்கள். பாதியில் நிமிர்த்தினால் பின்வாங்கும் ஒயின் மொத்த மண்டியையும் கலக்கிவிடும். அதற்குப் பிறகு அன்றைக்குத் தெளியாது.

கண் பாட்டிலின் தோளிலேயே இருக்கட்டும். கடைசியில் புகை இழைபோல ஒரு கருங்கோடு தோளை நோக்கி ஊர்ந்து வரும். அது கழுத்தை எட்டும் முன் நிறுத்திவிடுங்கள். அடியில் 30 முதல் 50 மில்லி வீணாகும், அதற்குமேல் ஆசைப்பட்டால் மீதி 700 மில்லியும் கலங்கும். இப்படி இறுத்த போர்தோவைக் காத்திருக்க வைக்காதீர்கள்; உடனே ஊற்றி, அரை மணிக்குள் குடித்துவிடுவதே நல்லது. அதன் மணம் அவ்வளவு மெல்லியது. போர்ட் இதைவிடத் திடமானது, ஓரிரண்டு மணி நேரம் தாங்கும்.

கழுவுவது

குடித்த இரவே வெந்நீரில் அலசிவிடுங்கள், சோப்பு போடாமல். கறை படிந்திருந்தால் ஒரு பிடி அரிசியும் கொஞ்சம் வெதுவெதுப்பான நீரும் விட்டுச் சுழற்றினால் கை போகாத மூலையும் சுத்தமாகும். பிறகு தலைகீழாகக் கவிழ்த்து, வாய் தரையில் படாதபடி உயர்த்தி வையுங்கள். வாய் அடைபட்டு உள்ளே ஈரம் நின்றால் அடுத்த முறை ஒயினை ஊற்றும் முன்பே பூஞ்சை வாசனை வரும்.