பழைய வீட்டு வயரிங்: மெகர் அளவீட்டை வாசிப்பதில் நேரும் தவறுகள்

திருகோணமலையில் கடற்கரையை அண்டிய பழைய வீடு ஒன்றுக்கு வயரிங்கைப் புதுப்பிக்க முனைபவர்கள் வழக்கமாக இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். முழுவதையும் பிடுங்கி எறிகிறார்கள். அல்லது வயரின் காவலித்தடையை அளக்கும் மெகர் கருவியில் ஒரு நல்ல எண்ணைக் கண்டதும் எதையும் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். இரண்டுக்கும் காரணம், காவலித்தடைச் சோதனை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை அறியாமைதான்.

உப்புவெளிப் பக்கம் ஒரு வீட்டில் மார்கழி மழைக்குள் சோதனை செய்தோம். 230 வோல்ட் வீட்டு வயரிங்கை 500 வோல்ட் நேரோட்ட அழுத்தத்தில் சோதிக்க வேண்டும், பி.எஸ். 7671 என்ற பிரித்தானிய வயரிங் விதிப்படி, அளவீடு 1 மெகாஓமுக்குக் குறையக்கூடாது. எங்களுக்கு முன்னர் வந்தவர் உருகிகளை மட்டும் கழற்றிவிட்டுச் சோதித்து, ஏறத்தாழ பூச்சியம் வருகிறது, வீடு முழுவதும் கெட்டுவிட்டது என்று சொல்லிச் சென்றிருந்தார். உருகியைக் கழற்றினால் உயிர்க்கம்பி மட்டுமே விடுபடும். நடுநிலைக் கம்பி வெளியே புவியுடன் தொடுக்கப்பட்டிருப்பதால், அது இணைந்திருக்கும் வரை கருவி பூச்சியத்தைத்தான் காட்டும். மெயின் சுவிச்சை நிறுத்தி, இரு கம்பிகளும் விடுபட்டுவிட்டன, மின்சாரம் இல்லை என்பதைச் சோதித்து உறுதிசெய்த பின்னரே மெகரைத் தொட வேண்டும். மின்குமிழ்களையும் பிளக்கில் செருகிய எல்லாவற்றையும் அகற்ற வேண்டும். இல்லாவிட்டால் அளவீடு பிழைப்பதோடு இலத்திரனியல் கருவிகளும் பழுதாகலாம். சுவிச்சுகள் மட்டும் போட்ட நிலையில் இருக்க வேண்டும், ஏனெனில் நிறுத்திய சுவிச்சுக்கு அப்பால் உள்ள வயர் சோதனைக்குள் வராது.

இப்படிச் செய்து, உயிர்க்கம்பியையும் நடுநிலைக் கம்பியையும் சேர்த்துப் புவிக்கு எதிராக அளந்தபோது வீடு முழுவதற்கும் 0.4 மெகாஓம் வந்தது. இந்த எண்ணை வைத்து முடிவெடுப்பது அடுத்த தவறு. சுற்றுகள் சமாந்தரமாக இணைந்திருப்பதால் மிக மோசமான ஒன்றே மொத்தத்தைக் கீழே இழுத்துவிடும். தனித்தனியாக அளந்தபோது முன்பக்கப் பிளக் சுற்று 25 மெகாஓம், சமையலறை 60, பின்பக்கம் 0.41 என்று கண்டோம். விளக்குச் சுற்று மட்டும் கருவியின் எல்லையைத் தாண்டி, 200க்கு மேல் காட்டியது.

பின்பக்கச் சுற்றில் கிணற்றடி மோட்டரைக் கழற்றியும் எண் மாறவில்லை. குளியலறைச் சந்திப்புப் பெட்டியில் வயரைப் பிரித்து இருபுறமும் அளந்ததில், வீட்டுப் பக்கம் 30, கிணற்றுப் பக்கம் 0.42. மணலுக்குள் புதைத்திருந்த வயரில் நாடா சுற்றிய ஒரு மூட்டுக்குள் உப்புநீர் இறங்கியிருந்தது. ஆகவே மாற்ற வேண்டியிருந்தது அந்த ஒரு துண்டு வயர்தான். கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில் அளந்திருந்தால் அந்த மூட்டு உலர்ந்து, நல்ல எண் காட்டி எங்களையும் ஏமாற்றியிருக்கக்கூடும். அளவீட்டுடன் திகதியையும் அன்றைய ஈரத்தையும் குறித்துவைப்பது அதனால்தான்.

வீட்டுக்காரர் மிகவும் மகிழ்ந்தது விளக்குச் சுற்றின் 200ஐக் கண்டுதான். எனக்கோ அந்த எண்ணில்தான் ஐயம் எழுந்தது. மரச்சட்டத்துக்குள் ஓடிய அந்தப் பழைய சுற்றில் புவிக்கம்பியே கிடையாது. கசிவு திரும்பிவர வழியில்லாத இடத்தில் புவிக்கு எதிராக அளந்தால், காவலி எவ்வளவு கெட்டிருந்தாலும் உயர்ந்த எண்ணே வரும். அங்கு பொருள் தருவது உயிர்க்கம்பிக்கும் நடுநிலைக் கம்பிக்கும் இடையிலான அளவீடு. அது 3 மெகாஓமாக இருந்தது, விதிப்படி தேறிவிட்டது. ஆனாலும் கூரையில் ஒரு விளக்குப் பொயின்ற்றைத் திறந்து வயரை மெல்ல வளைத்தபோது இறப்பர் காவலி பொடியாக உதிர்ந்து செம்பு தெரிந்தது. அசையாமல் கிடக்கும்வரை வெடித்த இறப்பரும் காற்றும் சேர்ந்து நல்ல தடையைக் காட்டும். ஒரு மின்விசிறியை மாற்றக் கைவைத்தால் அன்றே குறுஞ்சுற்று ஏற்படலாம். இறப்பர் வயர் எந்த எண்ணைக் காட்டினாலும் மாற்றப்பட வேண்டும் என்பதே என் முடிவு. புதிதாக இழுக்கும்போது புவிக்கம்பியும் உடன் செல்ல வேண்டும்.

முன்பக்கம், சமையலறை ஆகிய பிளக் சுற்றுகள் இரண்டும் பீ.வீ.சீ. வயர். அவற்றை உடனே விட்டுவைக்கவும் இல்லை. வயரின் தடிப்பையோ தளர்ந்த மூட்டையோ மெகர் காட்டாது. முனைகளைத் திறந்து, காவலி கருகாமலும் விறைக்காமலும் இருப்பதையும், 0.67 மி.மீ. இழைகள் ஏழு கொண்ட 7/0.67 வயர் முழுநீளமும் ஓடுவதையும், புவிக்கம்பி அறுபடாமல் இருப்பதையும் பார்த்த பின்னரே அப்படியே வைத்தோம்.